தம்பிக்கு மூளையில் மூன்று கட்டிகள்: திசு எடுத்துப் பார்க்காமலேயே டாக்சோ மருந்து தொடங்கிவிட்டார்கள். இது சரியா?

கடலோரம்

என் தம்பிக்கு 34 வயது, எடை 52 கிலோ. ஒரு வாரமாகத் தலைவலி, லேசான காய்ச்சல். வலது கையால் தம்ளரைப் பிடிக்க முடியவில்லை என்றான். அப்புறம் வலிப்பு வந்ததும் மருத்துவமனையில் சேர்த்தோம். அங்கேதான் எச்.ஐ.வி. இருப்பதே தெரிந்தது. நோயெதிர்ப்புச் செல்களான சிடி4-இன் எண்ணிக்கை 38.

சி.டி. ஸ்கேனில் ஒரு கட்டி என்றார்கள். எம்.ஆர்.ஐ. எடுத்தபோது மூன்று தெரிந்தன. மூன்றும் வளையம் மாதிரி ஒளிர்கின்றன, சுற்றிலும் வீக்கம் இருக்கிறது என்று அறிக்கையில் எழுதியிருக்கிறது. ஒன்று மூளையின் ஆழத்தில், மற்ற இரண்டும் மேற்பரப்பை ஒட்டி. இரத்தத்தில் டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணிக்கு எதிரான எதிர்பொருள்களில் ஐஜிஜி பாசிட்டிவ், ஐஜிஎம் நெகட்டிவ்.

இன்று காலை மருத்துவர் வந்து, "டாக்சோ என்று எடுத்துக்கொண்டு மருந்து தொடங்குகிறோம், இரண்டு வாரம் பார்ப்போம்" என்றார். என்ன நோய் என்று உறுதியாகத் தெரியாமல் மருந்து கொடுத்துப் பார்ப்பது எனக்குப் பயமாக இருக்கிறது. காசநோயாகவோ புற்றுநோயாகவோ இருந்தால் இரண்டு வாரம் வீண்தானே? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தாமரைக்குளம்

ஐஜிஎம் நெகட்டிவ் என்றால் இப்போது தொற்று இல்லை, எப்போதோ வந்து போனது என்றுதானே அர்த்தம்? ஐஜிஜி நிறையப் பேருக்கு இருக்கும். கர்ப்ப காலத்தில் எனக்குச் சோதித்தபோது இப்படித்தான் சொன்னார்கள். அதனால் உங்கள் மருத்துவர் தவறான பாதையில் போகிறாரோ என்று தோன்றுகிறது. இன்னொருவரிடம் கேட்டுவிடுங்கள்.

வாசன்

வீட்டில் பூனை இருக்கிறதா? முதலில் அதை வெளியே அனுப்புங்கள். இந்த நோய் பூனையிடமிருந்துதான் வரும்.

நிலவன்

கடலோரம், எச்.ஐ.வி. நோயாளிகளைப் பல வருடமாகப் பார்த்துவரும் மருத்துவன் நான். உங்கள் தம்பியை நேரில் பார்க்கவில்லை, அதனால் பொதுவாகச் சொல்கிறேன்.

தாமரைக்குளம் சொன்னது கர்ப்பிணிகளுக்குப் பொருந்தும். அங்கே கேள்வி, இந்த ஒட்டுண்ணி புதிதாக இப்போது நுழைந்ததா என்பது. இங்கே அது கேள்வியே இல்லை. எச்.ஐ.வி. முற்றியவர்களுக்கு வரும் டாக்சோ பெரும்பாலும் புதிய தொற்று அல்ல. பல வருடத்துக்கு முன்பே, சரியாக வேகாத இறைச்சி மூலமாகவோ மண் கலந்த உணவு, தண்ணீர் மூலமாகவோ உடம்புக்குள் போயிருக்கும். அப்போது ஒரு தொந்தரவும் தெரிந்திருக்காது. அது மூளையிலும் தசையிலும் சிறு கூடுகளாக உறங்கிக்கொண்டிருக்கும். நோயெதிர்ப்பு இருக்கும்வரை அந்தக் கூடு உடைந்தாலும் உடனே அடக்கப்பட்டுவிடும். சிடி4 100-க்குக் கீழே, முக்கியமாக 50-க்குக் கீழே இறங்கும்போது அடக்க ஆள் இல்லை. பழைய தொற்று மறுபடி கிளம்புவதால் ஐஜிஎம் நெகட்டிவாக இருப்பதே வழக்கம். ஐஜிஜி நெகட்டிவாக இருந்திருந்தால்தான் "இது டாக்சோ இல்லாமல் இருக்கலாம்" என்று நான் கவலைப்பட்டிருப்பேன்.

வாசன், அதே காரணத்தால் இன்று பூனையை அனுப்பி எதுவும் ஆகப்போவதில்லை. பூனையின் மலத்தில் வெளியேறும் முட்டை வெளியே ஒரு நாளாவது கிடந்தால்தான் தொற்றும் நிலைக்கு வரும். கழிவுத் தட்டை வேறு யாராவது தினமும் சுத்தம் செய்தால் போதும்.

இனி உங்கள் கேள்வி. மூளையில் ஊசி விட்டுத் திசு எடுத்தால் இரத்தக்கசிவு ஆகலாம், சில சமயம் உயிருக்கே ஆபத்தாகும். மூன்று விஷயங்கள் ஒன்றாகச் சேர்ந்தால், அதாவது சிடி4 100-க்குக் கீழ், ஐஜிஜி பாசிட்டிவ், வளையமாக ஒளிரும் பல கட்டிகள், அது டாக்சோவாக இருக்கும் வாய்ப்பு மிக அதிகம். தம்பிக்கு மூன்றும் இருக்கின்றன. அதோடு இந்த நோய் மருந்துக்கு வேகமாகக் கேட்கும். குணமாகிறவர்களில் 10-ல் 9 பேருக்கு 14-ஆம் நாளுக்குள் கை கால் பலம், பேச்சு, சுயநினைவு இவற்றில் தெளிவான முன்னேற்றம் தெரிந்துவிடும். அதனால் அந்த இரண்டு வாரத்தைப் பரிசோதனையின் ஒரு பகுதியாகவே பாருங்கள். முன்னேற்றம் இல்லாவிட்டாலோ நடுவில் மோசமானாலோ, அப்போது திசு எடுப்பதற்கு வலுவான காரணம் கிடைக்கிறது.

ஒன்று மட்டும் கேளுங்கள்: தம்பிக்கு ஸ்டீராய்டு கொடுக்கிறார்களா?

கடலோரம்

ஆமாம், டெக்ஸாமெத்தசோன் ஊசி போடுகிறார்கள். மூளை வீக்கம் குறைய என்றார்கள். அது தவறா? வலிப்புக்கு கார்பமசெபின் மாத்திரை. டாக்சோவுக்கு கோட்ரைமாக்சசோல். அந்த மாத்திரை எங்கள் அப்பாவுக்கு ஒருமுறை சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுத்தார்கள். மூளை நோய்க்கும் அதேதானா?

நிலவன்

தவறில்லை. வீக்கம் அழுத்தும்போது ஸ்டீராய்டு உயிர் காக்கும். ஆனால் அது நம் கணக்கைக் குழப்பும். டாக்சோவோடு குழம்பக்கூடிய இன்னொரு நோய் மூளை லிம்ஃபோமா என்ற புற்றுநோய். அந்தக் கட்டியும் ஸ்டீராய்டால் சுருங்கும். வீக்கம் வற்றினால் எந்த நோயானாலும் ஆள் தெளிவாகத் தெரிவார். அதனால் ஸ்டீராய்டு ஓடும்போது வரும் முன்னேற்றத்தை முழுதாக டாக்சோ மருந்தின் கணக்கில் எழுத முடியாது. தேவை முடிந்ததும் சீக்கிரம் நிறுத்துவார்கள். நிறுத்திய பிறகும் முன்னேற்றம் நிற்கிறதா என்பதைப் பாருங்கள், அதுதான் எனக்கு முக்கியம்.

மருந்து விஷயம். காலங்காலமாக முதல் தேர்வு பைரிமெத்தமினும் சல்ஃபாடயசினும். அவற்றோடு ஃபோலினிக் அமிலம் சேர வேண்டும், இல்லாவிட்டால் எலும்பு மஜ்ஜை சோர்ந்து இரத்த அணுக்கள் இறங்கும். (சாதாரண ஃபோலிக் அமில மாத்திரை இதற்கு மாற்று ஆகாது. அதை ஒட்டுண்ணியும் பயன்படுத்திக்கொள்ளும்.) அந்த மருந்துகள் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. கிடைக்காதபோது கோட்ரைமாக்சசோல் நல்ல மாற்று. எளிது, ஊசியாகவும் கொடுக்கலாம்.

அளவுதான் வேறு. கிலோவுக்கு 5 மில்லிகிராம் டிரைமெத்தோபிரிம் என்ற கணக்கில் ஒரு நாளைக்கு இரண்டு வேளை. 52 கிலோவுக்கு ஒரு வேளைக்கு 260 மில்லிகிராம் வருகிறது. பெரிய மாத்திரை ஒன்றில் 160 இருக்கும். ஆக ஒரு வேளைக்கு ஒன்றரை முதல் இரண்டு மாத்திரை. வருமுன் காக்கக் கொடுப்பது தினம் ஒரே ஒரு மாத்திரை. யாராவது பழக்கத்தில் "தினம் ஒன்று" என்று எழுதிவிட்டால் நோய் அடங்காது, "மருந்து வேலை செய்யவில்லை" என்று தப்பான முடிவுக்குப் போவோம். சீட்டில் எவ்வளவு எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

கார்பமசெபின் பற்றி மருத்துவரிடம் இன்றே கேளுங்கள். எச்.ஐ.வி. மருந்தில் டோலுடெகிராவிர் இருக்கும். கார்பமசெபின், பெனிடாயின் இரண்டும் அதன் அளவை இரத்தத்தில் குறைத்துவிடும். லெவெடிரசெட்டாம் என்ற வலிப்பு மருந்துக்கு இந்தச் சிக்கல் இல்லை.

கடலோரம்

சீட்டைப் பார்த்தேன், காலை இரண்டு, இரவு இரண்டு. வலிப்பு மருந்தைக் கேட்டதும் மாற்றிவிட்டார்கள். எச்.ஐ.வி. மாத்திரையை இன்னும் தொடங்கவில்லையே, அது ஏன்? அதுதானே மூல காரணம்?

நிலவன்

டாக்சோவில் அதிகம் தள்ளிப்போட மாட்டோம். மருந்து தொடங்கி ஏறத்தாழ இரண்டு வாரத்துக்குள் ஏஆர்டி என்ற எச்.ஐ.வி. கூட்டு மருந்தைத் தொடங்கலாம். ஒரே நாளில் எல்லாவற்றையும் தொடங்கினால், உடம்பில் தடிப்பு வரும்போது எந்த மருந்தால் வந்தது என்று பிரிக்க முடியாது. அதோடு கிரிப்டோகாக்கல் மூளைக்காய்ச்சல் இல்லை என்று இரத்தத்திலோ தண்டுவட நீரிலோ பார்த்துவிட வேண்டும். அது இருந்தால் ஏஆர்டியை 4 முதல் 6 வாரம் தள்ளிப்போட வேண்டும், அவசரப்பட்டால் ஆபத்து.

ஆனந்தி கே.

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். எனக்கும் சிடி4 60 இருந்தபோதுதான் நோய் தெரிந்தது. ஆனால் எனக்கு வந்தது மூளையில் அல்ல, வயிற்றில். தண்ணீராகப் பேதி, மாதக்கணக்கில். எடை கரைந்துகொண்டே போனது. மலப் பரிசோதனை பலமுறை செய்தும் "எதுவும் இல்லை" என்றே வந்தது. கடைசியில் ஒரு மருத்துவர் "கிரிப்டோவுக்கு எனத் தனியாகப் பாருங்கள்" என்று எழுதிக்கொடுத்த பிறகுதான் கிரிப்டோஸ்போரிடியம் என்று தெரிந்தது. மேலே சொன்ன கிரிப்டோகாக்கலும் இதுவும் ஒன்றா என்று எனக்கு இன்றுவரை குழப்பம்.

நான் கேட்க வந்தது வேறு. நிட்டாசாக்சனைடு கொடுத்தார்கள். கொஞ்சம் குறைந்தது, நிறுத்தியதும் திரும்பியது. மறுபடி கொடுத்தார்கள், மறுபடி அதே கதை. ஏஆர்டி சாப்பிட ஆரம்பித்துச் சில வாரம் கழித்துத் தானாக நின்றது. மருந்துதான் குணப்படுத்தியதா, ஏஆர்டியா?

சோதனைக்கூடம்

ஆனந்தி அக்கா, இரண்டும் வேறு வேறு. கிரிப்டோகாக்கஸ் ஒரு பூஞ்சை. உங்களுடையது குடல் சுவரில் ஒட்டும் ஒட்டுண்ணி. பெயரின் முன்பாதி மட்டும்தான் ஒன்று.

ஆய்வகத்தில் வேலை செய்கிறேன், அதனால் "எதுவும் இல்லை" என்று ஏன் வந்தது எனச் சொல்ல முடியும். சாதாரணமாக மலத்தை ஸ்லைடில் வைத்து உப்பு நீரிலும் அயோடினிலும் பார்ப்போம். கிரிப்டோவின் முட்டை 4 முதல் 6 மைக்ரான்தான், ஈஸ்ட் செல்லைப் போலவே தெரியும். கண் அதைத் தாண்டிப் போய்விடும். காசநோய்க் கிருமிக்குப் போடும் சாயத்தைச் சற்று மாற்றிப் போட்டால்தான் பச்சை அல்லது நீலப் பின்னணியில் சிவப்பு உருண்டையாகக் கண்ணில் படும். அந்தச் சாயத்தைக் கேட்டால்தான் போடுவார்கள். 8 முதல் 10 மைக்ரான் இருந்தால் அது சைக்ளோஸ்போரா, அதற்கு மருந்து வேறு, நன்றாகக் கேட்கும். அதனால் அளக்காமல் பெயர் எழுதக்கூடாது. இன்னொன்று, முட்டை தினமும் ஒரே அளவில் வெளியேறாது. வேறு வேறு நாளில் எடுத்த மாதிரிகள் தேவை.

நிலவன்

ஆனந்தி, ஏஆர்டிதான். நிட்டாசாக்சனைடு நோயெதிர்ப்பு சரியாக உள்ளவர்களுக்கு நன்றாக வேலை செய்கிறது. ஏஆர்டி இல்லாத எச்.ஐ.வி. நோயாளிகளிடம் சோதித்தபோது அது வெற்று மாத்திரையைவிட மேல் என்று நிரூபிக்க முடியவில்லை. இருந்தாலும் கொடுக்கிறோம், ஏனென்றால் வேறு நல்ல மருந்து இல்லை. நீர்ச்சத்தும் உப்பும் இறங்காமல் பார்த்துக்கொண்டு, சிடி4 ஏறும்வரை ஆளைத் தாக்குப்பிடிக்க வைப்பதுதான் உண்மையான சிகிச்சை. 100-ஐத் தாண்டினால் பெரும்பாலும் பேதி நின்றுவிடும்.

கடலோரத்துக்கும் இதில் ஒரு செய்தி இருக்கிறது. டாக்சோவில் மருந்து கட்டியைச் சுருக்கும், ஆனால் உறங்கும் கூடுகளைக் கொல்லாது. கிரிப்டோவில் மருந்து அந்த அளவுக்குக்கூடப் போகாது. இரண்டிலும் நோய் திரும்பாமல் காப்பது சிடி4தான்.

ஆனந்தி கே.

இன்னொன்றும் சொல்கிறேன், யாருக்காவது உதவும். பேதிக்காகத் துத்தநாக மாத்திரையும், நெஞ்செரிச்சலுக்கு அலுமினியம், மக்னீசியம் கலந்த அமில முறிவு மருந்தும் ஏஆர்டியோடு ஒரே நேரத்தில் விழுங்கிக்கொண்டிருந்தேன். வைரஸ் எண்ணிக்கை எதிர்பார்த்தபடி இறங்கவில்லை. மருந்து வழங்கும் இடத்தில் ஒரு அக்கா கேட்டுக் கண்டுபிடித்தார். டோலுடெகிராவிரை இவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ சாப்பிடச் சொன்னார்.

வாசன்

அப்படியானால் குடிநீரில் குளோரின் போட்டால் கிரிப்டோ வராது, அல்லவா?

சோதனைக்கூடம்

இல்லை. இதன் முட்டை ஓடு குளோரினைத் தாங்கும். 1993-ல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் குழாய்த் தண்ணீர் மூலமாக ஏறத்தாழ 4 லட்சம் பேருக்கு இது பரவியது. குளோரின் போட்ட தண்ணீர்தான் அது. நுரைத்துக் கொதித்தபின் ஒரு நிமிடம் விட்டால் செத்துவிடும். வடிகட்டி வாங்குவதானால் துளை 1 மைக்ரானுக்கு மேல் இல்லை என்று உறுதியாக எழுதியிருக்க வேண்டும்.

கடலோரம்

ஆறாவது நாள். காய்ச்சல் இல்லை. கை விரல்களை மூடித் திறக்கிறான். நேற்றிலிருந்து ஸ்டீராய்டைக் குறைக்கிறார்கள். நிலவன் ஐயா சொன்னதை மனதில் வைத்து ரொம்பச் சந்தோஷப்படாமல் இருக்க முயல்கிறேன்.

வேர்கள்

இந்த இழையை முதலிலிருந்து படித்தேன். "மருந்து அடக்கும், சிடி4தான் காக்கும்" என்று நிலவன் எழுதியதில் எனக்குப் பாதிதான் உடன்பாடு. நான் செவிலியர். பீகாரில், மணல் ஈ கடித்துப் பரவும் லீஷ்மேனியா ஒட்டுண்ணியால் வரும் காலா அசார் நோயாளிகளோடு வேலை செய்திருக்கிறேன். அங்கே லீஷ்மேனியாவும் எச்.ஐ.வி.யும் சேர்ந்தவர்களைப் பார்த்த எவருக்கும் அந்த வாக்கியம் இடிக்கும். ஏஆர்டி ஒழுங்காகச் சாப்பிட்டு, வைரஸ் அடங்கி, அதன் பிறகும் காலா அசார் திரும்பியவர்கள் உண்டு.

எனக்கு மறக்காத நோயாளி ஒருவர், விவசாயக் கூலி. மண்ணீரல் தொப்புள் வரை வீங்கியிருந்தது, காய்ச்சல், இரத்த அணுக்கள் மூன்று வகையும் இறங்கியிருந்தன. விரலில் குத்திப் பார்க்கும் ஆர்கே39 பட்டை நெகட்டிவ். காலா அசார் இல்லை என்று வேறு காரணங்களைத் தேடினார்கள். எலும்பு மஜ்ஜையை ஊசியில் எடுத்துப் பார்த்தால் ஒட்டுண்ணி நிறைய இருந்தது. உடம்பு எதிர்பொருள் செய்யும் நிலையில் இல்லாததால் பட்டையில் கோடு வரவில்லை. சிகிச்சை முடிந்து நன்றாகப் போனார், சில மாதம் கழித்து அதே வயிற்றோடு திரும்பி வந்தார். இன்னொரு பக்கம், பட்டை ஒருமுறை பாசிட்டிவானால் குணமான பிறகும் நெடுங்காலம் பாசிட்டிவாகவே இருக்கும். ஆக முதல் நோயையும் தவறவிடலாம், திரும்பியதையும் அதை வைத்துச் சொல்ல முடியாது.

நிலவன்

வேர்கள் சொல்வது சரி, நான் எழுதியது லீஷ்மேனியாவுக்கு நீளாது. டாக்சோவின் கூடு உறங்குவது மூளை, தசை செல்களுக்குள். லீஷ்மேனியா வாழ்வதோ கிருமியை விழுங்கிக் கொல்ல வேண்டிய மேக்ரோஃபேஜ் செல்லுக்குள்ளேயே. அந்தச் செல்லைத் தூண்டிவிட வேண்டிய சிடி4 செல்களை எச்.ஐ.வி. அழிக்கிறது. போதாததற்கு லீஷ்மேனியா நோயே எச்.ஐ.வி.யின் பெருக்கத்தைக் கூட்டுகிறது, சிடி4 ஏறுவதைத் தடுக்கிறது. அதனால்தான் ஏஆர்டி எடுத்தும் எண்ணிக்கை மேலே வராமல் அப்படியே கிடக்கும் நோயாளிகளைப் பார்க்கிறோம்.

தாமரைக்குளம்

அவர்களுக்கு என்ன மருந்து? மணல் ஈ கடிக்காமல் பார்த்தால் திரும்பாதா?

வேர்கள்

கடித்துப் புதிதாக வருவதைக் கொசுவலை ஓரளவு தடுக்கலாம். நான் சொல்வது உள்ளேயே மீந்ததிலிருந்து கிளம்புவது, அதற்குக் கொசுவலை உதவாது.

மருந்து, முன்பு ஆன்டிமொனி ஊசி. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு அது இதயத்தையும் கணையத்தையும் மோசமாகத் தாக்கியது. பிறகு லிப்போசோம் ஆம்போடெரிசின் வந்தது. அதைத் தனியாகக் கொடுத்தாலும் பலருக்குத் திரும்பியது. 2022-ல் உலக சுகாதார நிறுவனம் இரண்டு மருந்தைச் சேர்த்துக் கொடுக்கச் சொன்னது: ஆம்போடெரிசினை ஒன்றுவிட்டு ஒருநாள், கிலோவுக்கு 5 மில்லிகிராம் வீதம் ஆறு முறை, மொத்தம் 30. கூடவே மில்டெஃபோசின் மாத்திரை, தெற்காசியாவில் 14 நாள், கிழக்கு ஆப்பிரிக்காவில் 28 நாள். மில்டெஃபோசின் கருவைச் சிதைக்கும், பெண்களுக்குக் கருத்தடை உறுதி செய்யாமல் கொடுக்கக்கூடாது. இந்தக் கூட்டு வந்த பிறகு நிலைமை நன்றாக இருக்கிறது. ஆனால் குணமான பின் திரும்பாமல் இருக்கத் தரும் மருந்தை எப்போது நிறுத்துவது என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. சிடி4 200-க்கு மேல் சில மாதம் நின்றால் போதும் என்கிறார்கள் சிலர், 350 வேண்டும் என்கிறார்கள் சிலர். நிறுத்தவே கூடாது என்பவர்களையும் பார்த்திருக்கிறேன். என் அனுபவத்தில் கடைசிப் பிரிவினர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

நிலவன்

நிறுத்தவே கூடாது என்பதில் எனக்குத் தயக்கம். வருடக்கணக்கில் ஆம்போடெரிசின் ஏற்றினால் சிறுநீரகம் என்ன ஆகும்? 350-ஐத் தாண்டி ஆறு மாதம் நின்ற ஒருவருக்கு நான் நிறுத்துவேன், நிறுத்தியபின் மண்ணீரலையும் இரத்த அணுக்களையும் நெருக்கமாகப் பார்ப்பேன்.

வேர்கள்

நெருக்கமாகப் பார்க்க ஆள் திரும்பி வரவேண்டுமே ஐயா. வேலை தேடி வேறு ஊர் போகும் கூலிக்காரர் வயிறு வீங்கும்வரை வரமாட்டார்.

கடலோரம்

இரண்டு வாரம் முடிந்தது. ஸ்டீராய்டு நிறுத்தி ஒரு வாரம் ஆகிறது. கையில் பலம் நன்றாகத் திரும்பியிருக்கிறது, தானே சாப்பிடுகிறான். மறுபடி எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். மேற்பரப்பை ஒட்டிய இரண்டு கட்டிகளும் பாதிக்கும் கீழே சுருங்கிவிட்டன. ஆழத்தில் இருந்தது மட்டும் ஏறத்தாழ அதே அளவு. சுற்றியிருந்த வீக்கம் குறைந்திருக்கிறது. அதற்கு மட்டும் திசு எடுக்கலாமா என்று பேசுகிறார்கள். நேற்று ஏஆர்டி தொடங்கிவிட்டது.

தாமரைக்குளம்

சுருங்கவில்லை என்றால் அது வேறு நோய்தானே. தாமதிக்காமல் எடுத்துவிடுவது நல்லது.

நிலவன்

நான் எடுக்க மாட்டேன், இப்போதைக்கு. ஆள் முன்னேறியது ஸ்டீராய்டு நின்ற பிறகும் நிற்கிறது. ஸ்கேன் எப்போதும் ஆளுக்குப் பின்னால்தான் வரும். எல்லாக் கட்டியும் ஒரே வேகத்தில் சுருங்குவதில்லை. ஆழத்தில் உள்ள கட்டிக்கு ஊசி விடுவது ஆபத்தும் அதிகம்.

ஆனால் தாமரைக்குளத்தின் சந்தேகத்தை ஒதுக்கவும் மாட்டேன். இரண்டு நோய் ஒரே மூளையில் இருக்கலாம். தண்டுவட நீர் எடுப்பது பாதுகாப்பானது என்று ஸ்கேன் காட்டினால், அதில் எப்ஸ்டீன் பார் வைரஸின் மரபணுவைத் தேடலாம், இருந்தால் லிம்ஃபோமா பக்கம் சாய வேண்டும். டாக்சோவின் மரபணுவையும் அதே நீரில் தேடலாம், ஆனால் நெகட்டிவ் வந்தால் ஏமாந்துவிடாதீர்கள். டாக்சோ இருப்பவர்களில் பாதிப் பேருக்கு அது நெகட்டிவாகவே வரும், அதிலும் மருந்து தொடங்கிய பிறகு எடுத்தால். காசநோய்க் கட்டிக்கு நெஞ்சு ஸ்கேனில் ஏதாவது தடயம் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

கடலோரம்

தண்டுவட நீரில் எப்ஸ்டீன் பார் இல்லை, டாக்சோ இல்லை, காசநோய்க் கிருமி இல்லை. கிரிப்டோகாக்கஸும் இல்லை. நெஞ்சு ஸ்கேனில் எதுவும் இல்லை. மருத்துவர்கள் இன்னும் இரண்டு வாரம் பார்க்க முடிவு செய்திருக்கிறார்கள். முதுகிலும் கையிலும் சிவப்புத் தடிப்பு வந்திருக்கிறது. மருந்தை நிறுத்த வேண்டுமோ?

நிலவன்

கோட்ரைமாக்சசோலில் இரண்டாவது வாரத்தில் இப்படி வருவது சகஜம். வாயில், கண்ணில், பிறப்புறுப்பில் புண் இருக்கிறதா? தோல் கொப்பளித்து உரிகிறதா? காய்ச்சல் திரும்பியதா? ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவரை அழைத்து மருந்தை நிறுத்த வேண்டும். வெறும் தடிப்பும் அரிப்பும் என்றால் அரிப்பு மாத்திரையோடு தொடரலாம், பெரும்பாலும் அடங்கும். இந்த அளவு மருந்துக்கு இரத்த அணுக்கள், கிரியேட்டினின், பொட்டாசியம் மூன்றையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பொட்டாசியம் ஏறினால் ஆளுக்கு எதுவும் தெரியாது, இதயத் துடிப்பில்தான் காட்டும்.

கடலோரம்

புண் எதுவும் இல்லை. அரிப்பு மாத்திரையில் தடிப்பு வாடிவிட்டது. பொட்டாசியம் கொஞ்சம் ஏறி இறங்கியது.

கடலோரம்

ஆறு வாரம் முடிந்து எழுதுகிறேன். இரண்டு கட்டிகள் தழும்பு மாதிரிதான் தெரிகின்றன. ஆழத்துக் கட்டி பாதியாகச் சுருங்கியிருக்கிறது, இன்னும் ஓரத்தில் ஒளிர்கிறது. தம்பி நடக்கிறான், கையெழுத்து மட்டும் கோணலாக வருகிறது. முழு அளவை இன்னும் சில வாரம் தொடரச் சொல்லிவிட்டார்கள். அதன் பிறகு காலை ஒன்று, இரவு ஒன்று. அவன் கேட்பது ஒன்றே ஒன்று: இதை எப்போது நிறுத்தலாம்?

நிலவன்

முழு அளவைத் தொடர்வது சரிதான். ஆறு வாரம் என்பது குறைந்தபட்சக் கணக்கு, கட்டி முழுதாக அடங்காதவருக்கு நீட்டுவோம்.

நிறுத்துவதற்கு மூன்று சேர வேண்டும். முதல் கட்ட சிகிச்சை முடிந்திருக்க வேண்டும், நோயின் அறிகுறி எதுவும் இருக்கக்கூடாது, ஏஆர்டியோடு சிடி4 200-க்கு மேல் ஏறி ஆறு மாதத்துக்கு மேல் அங்கேயே நிற்க வேண்டும். 38-லிருந்து கிளம்பியவருக்கு ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகலாம். நிறுத்தியபின் எப்போதாவது 200-க்குக் கீழே விழுந்தால் மறுபடி தொடங்க வேண்டும், கூடுகள் உள்ளேயேதான் இருக்கின்றன. தலைவலியோ கை மரத்துப்போவதோ புதிதாக வந்தால் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்கச் சொல்லாதீர்கள்.

ஆனந்தி கே.

கடலோரம், கேட்கவே நிம்மதியாக இருக்கிறது. நிலவன் ஐயா, பேதி நின்று பல மாதம் ஆகியும் எனக்கு வலது விலாவுக்குக் கீழே அவ்வப்போது வலிக்கிறது, கண் மஞ்சளாகவில்லை. கல்லீரல் சோதனையில் அல்கலைன் பாஸ்பட்டேஸ் அதிகம் என்று அறிக்கையில் சிவப்பில் எழுதியிருக்கிறது. கிரிப்டோவோடு இதற்குத் தொடர்பு உண்டா?

நிலவன்

உண்டு. அது பித்தநாளத்துக்குள்ளும் ஏறும், அங்கே சுருக்கம் உண்டாக்கும். சிடி4 இப்போது எவ்வளவு என்று எழுதுங்கள். அதற்குள் வயிற்று அல்ட்ராசவுண்டு எடுத்து, பித்தநாளம் விரிந்திருக்கிறதா என்று குறிப்பாகப் பார்க்கச் சொல்லுங்கள். விரிந்திருந்தால் எம்.ஆர்.ஐ.யில் நாளத்தை மட்டும் வரைபடமாக எடுக்கலாம். அடைப்பு இருந்தால் எண்டோஸ்கோப் வழியாகத் திறந்துவிட முடியும்.

ஆனந்தி கே.

சிடி4 போன மாதம் 142. அல்ட்ராசவுண்டுக்கு வியாழக்கிழமை நேரம் வாங்கியிருக்கிறேன்.